ஜெல்லா, பல்பா, ட்ரிப்ஸா? வலி வர வைக்கிறதுக்கு முன்னாடி பார்க்கிற மார்க்

(திரையில்: இறுக மூடிய கர்ப்பப்பை வாய்)

முதல் பிரசவம், 41 வாரம் ஆயிடுச்சு, வலி வரலை. இப்படி ஒருத்தரை எடுத்துக்குவோம். மருந்து எதையும் தொடுறதுக்கு முன்னாடி டாக்டர் உள்பரிசோதனை செய்வாங்க. அதுல தெரியுறதுக்கு, 1964-ல எட்வர்ட் பிஷப்ங்கிற மகப்பேறு டாக்டர் சொன்ன கணக்குப்படி மார்க் போடுவாங்க.

இவங்களுக்குக் கர்ப்பப்பை வாய் 1 சென்டிமீட்டர் திறந்திருக்கு, 1 மார்க். 40 சதவீதம் மெலிஞ்சிருக்கு, 1. குழந்தையோட தலை இடுப்பெலும்போட நடுமட்டத்துக்கு இன்னும் மேலதான், டாக்டர் கணக்குல மைனஸ் 2, அதுக்கு 1. வாய் தொட்டா மூக்கு நுனி மாதிரி கெட்டியா இருக்கு, 0. பின்பக்கம் பார்த்திருக்கு, அதுக்கும் 0. மொத்தம் 13-க்கு 3. ஆறும் அதுக்குக் கீழயும்னா வாய் இன்னும் பழுக்கலைன்னு அர்த்தம். இப்பவே வலி வர வைக்கிற ட்ரிப்ஸ் போட்டா கர்ப்பப்பை சுருங்கும், கதவு திறக்காது.

அதனால முதல்ல வாயைப் பழுக்க வைக்கணும். புரோஸ்டாகிளாண்டின் ஜெல் வைக்கலாம், மிசோப்ரோஸ்டால் மாத்திரை 25 மைக்ரோகிராம் கொடுக்கலாம், இல்லைன்னா ஃபோலி குழாயை உள்ளே விட்டு அதோட பல்புல தண்ணி நிரப்பலாம். ஏற்கெனவே சிசேரியன் ஆனவங்களுக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது, பழைய தையல் பிரியலாம். நம்ம உதாரணத்துல பல்பு வைக்கிறாங்க. காலையில வாய் 3 சென்டிமீட்டர், மெத்துன்னு ஆயிடுச்சு. மார்க் 8. பனிக்குடத்தை உடைச்சு, ஆக்சிடோசின் ட்ரிப்ஸ் ஆரம்பிக்கிறாங்க.

(திரையில்: சுருங்கி விரியும் கர்ப்பப்பை)

கவனமா இருக்க வேண்டிய நேரம் இதுதான். கர்ப்பப்பை ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் அதோட தசைக்குள்ள போற ரத்தக்குழாய்கள் நசுங்கும். நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தம் குறையும். குழந்தை தாக்குப்பிடிக்கிறது நடுவுல வர்ற இடைவெளியாலதான், முத்து எடுக்கிறவர் மேல வந்து மூச்சு வாங்குற மாதிரி. 10 நிமிஷத்துக்கு 5 வலிக்கு மேல போனா, அதுவும் அரை மணி நேரத்துச் சராசரியா அப்படி இருந்தா, அந்த இடைவெளி போதாது. வலி எவ்வளவு கடுமைன்னு மட்டும் பார்க்காதீங்க. வயித்துல கை வைங்க. நடுநடுவே இளகுதா, இல்லை கல்லு மாதிரியே நிக்குதா? அதுதான் கேள்வி.

இவங்களுக்கு 6 வலி வருது. 140-ல இருந்த குழந்தையோட இதயத்துடிப்பு ஒவ்வொரு வலிக்கு அப்புறமும் 100-க்கு இறங்குது. நர்ஸ் உடனே ட்ரிப்ஸை நிறுத்தி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறாங்க. ஆக்சிடோசின் ரத்தத்துல சில நிமிஷத்துலயே பாதியாக் குறையும். அப்பவும் இளகலைன்னா டெர்பியூட்டலின் 0.25 மில்லிகிராம் ஊசி.

ட்ரிப்ஸை மூடலாம், பல்பை உருவலாம். வச்ச ஜெல்லையும், முழுங்கின மாத்திரையையும் அப்படித் திரும்ப எடுக்க முடியாது. ஜெல் வச்சு 6 மணி நேரம் ஆகாம ட்ரிப்ஸ் போடக்கூடாதுங்கிறது இதனாலதான். அந்த நேரம் முடியறதுக்குள்ள யாராவது ட்ரிப்ஸோட வந்தா, "ஜெல் எத்தனை மணிக்கு வச்சாங்க?"ன்னு கேளுங்க. அது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

(திரையில்: இதயத்துடிப்பு வரைபடம், 140)

இவங்களுக்குப் பத்து நிமிஷத்துல துடிப்பு பழைய நிலைக்கு வந்துடுச்சு. அரை மணி நேரம் பார்த்துட்டு, முன்ன ஓடினதுல பாதி வேகத்துல ட்ரிப்ஸை மறுபடி திறக்கிறாங்க.