எல்லைக் கோட்டை நகர்த்தினா எந்தத் தப்பு குறையும்? எலிசா டெஸ்ட்டை வெச்சு முதல் வகை, இரண்டாம் வகைப் பிழை

வணக்கம் மக்களே. இன்னைக்கு கை-வர்க்கச் சோதனை போடுறதா சொல்லியிருந்தேன், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளியாச்சு. காரணம் அந்தப் படம். எந்தப் படம்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் டாக்டர் ஒரு ஆம்பளையைப் பார்த்து "நீங்க கர்ப்பமா இருக்கீங்க"ங்கறார், அது முதல் வகைப் பிழையாம். இன்னொரு பக்கம் நிறைமாசக் கர்ப்பிணியைப் பார்த்து "நீங்க கர்ப்பமா இல்லை"ங்கறார், அது இரண்டாம் வகையாம். பரீட்சை நெருங்க நெருங்க எல்லா குரூப்லயும் இதையே அனுப்பிட்டு இருக்காங்க.

எனக்கு அந்தப் படம் சுத்தமா பிடிக்கலை. பேரை ஞாபகம் வெச்சுக்க உதவும், சரி. ஆனா அதுல ரெண்டு தப்புமே கண்ணை மூடிட்டுப் பண்ற தப்பு. டாக்டர் கொஞ்சம் கவனமா இருந்தா ரெண்டும் நடக்காதுன்னு தோணிடும். நிஜத்துல எல்லாரும் கவனமா இருந்தும் இந்த ரெண்டும் நடக்கும். ஒண்ணைக் குறைக்கப் போனா இன்னொண்ணு ஏறும். அதுதான் விஷயமே, அது அந்தப் படத்துல இல்லவே இல்லை.

அதனால இன்னைக்கு இதை வெச்சுப் பார்க்கப்போறோம். தெரியுதா? ஓஎச்பி ஷீட், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள். அந்தப் பக்கம் அப்படியே தெரியுது பாருங்க! ஜெராக்ஸ் கடைகள்ல இப்ப யாரும் வெச்சுக்கறதே இல்லை, புரொஜெக்டர் வந்ததும் இது போயே போச்சு. கடைசியா ஒரு பழைய ஸ்டேஷனரி கடையில ஷீட் 10 ரூபாய்னு ரெண்டு கிடைச்சுது. மொத்தம் 20 ரூபாய். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடையாதுன்னு அடிச்சுச் சொல்வேன். வரையறதுக்கு பர்மனென்ட் மார்க்கர்தான் எடுக்கணும், சாதா ஒயிட்போர்டு மார்க்கர் கை பட்டாலே அழிஞ்சிடும்.

முதல் ஷீட்ல நீல மையில ஒரு மலை. ரெண்டாவது ஷீட்ல சிவப்பு மையில இன்னொரு மலை. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா, நீல மலையோட வலது வாலும் சிவப்பு மலையோட இடது வாலும் கொஞ்சம் கலக்குது. இந்தக் கலக்குற இடத்தை விட்டு இன்னைக்கு நாம நகரப்போறதே இல்லை.

இப்ப ரத்த வங்கிக்குப் போகலாம். ஒருத்தர் ரத்தம் குடுக்கறார். அதுல எச்.ஐ.வி. இருக்கான்னு எலிசா டெஸ்ட் பண்றாங்க. 96 குழி இருக்கற ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியோட அடியிலயும் வைரஸோட புரதத்தை ஒட்டவெச்சிருப்பாங்க. ரத்தத்துல அதுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தா அதுல போய் ஒட்டிக்கும், கடைசியில நிறம் வரும். ஆசிட் விட்டு வினையை நிறுத்தினதும் மஞ்சளாத் தெரியும். எவ்வளவு மஞ்சள்னு ஒரு மெஷின் எண்ணாப் படிக்கும். அந்த எண்ணுக்கு ஓ.டி.ன்னு பேரு.

கவனிங்க, மெஷின் "இருக்கு, இல்லை"ன்னு சொல்றதில்லை. 0.04, 0.11, 0.19, 1.8 அப்படின்னு எண் மட்டும்தான் குடுக்குது. இது எதுக்கு மேல போனா "ரியாக்டிவ்"னு சொல்றதுன்னு ஒரு கோடு போடணும். கிட்டோட வர்ற தாள்லயே அதுக்குக் கணக்கு இருக்கும். உதாரணத்துக்கு, நோயில்லாத கன்ட்ரோல் குழிகளோட சராசரி 0.05, அதோட 0.15 கூட்டு, கோடு 0.20. அந்தக் கோட்டுக்குத்தான் இந்த ஸ்கேல். ஷீட் மேல நெட்டுக்குத்தா வெச்சிடறேன்.

ஐயோ, ஒண்ணை முதல்லயே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். இன்மை கருதுகோள், அதாவது எதிரா ஆதாரம் வர்ற வரைக்கும் உண்மைன்னு வெச்சுக்கற கூற்று, எதுன்னே சொல்லலை. இங்க இன்மை கருதுகோள், "இவருக்குத் தொற்று இல்லை". நீல மலை அதுதான், தொற்று இல்லாதவங்களோட ஓ.டி. எப்படிப் பரவியிருக்கும்னு காட்டுது. சிவப்பு மலை தொற்று இருக்கறவங்களோடது. இதைச் சொல்லாம முதல் வகை, இரண்டாம் வகைன்னு பேசவே முடியாது. கருதுகோளை மாத்தி எழுதினா பேரும் மாறிடும், நிறைய பேர் மார்க்கை விடறது இங்கதான்.

சரி, ஸ்கேலுக்கு வலது பக்கம் பாருங்க. நீல மலையோட வால் கொஞ்சம் தாண்டி வந்திருக்கு. இவங்க தொற்று இல்லாதவங்க, ஆனா ஓ.டி. கோட்டைத் தாண்டிடுச்சு. இன்மை கருதுகோள் உண்மையா இருந்தும் நிராகரிக்கறோம். முதல் வகைப் பிழை, ஆல்ஃபா. ஏன் தாண்டும்? உடம்புல வேற எதுக்கோ உருவான ஆன்டிபாடி இதுலயும் போய் ஒட்டிக்கும். இல்லைன்னா தட்டைச் சரியாக் கழுவாம ஒட்டாத சரக்கு குழியிலயே தங்கி நிறம் குடுக்கும்.

ஸ்கேலுக்கு இடது பக்கம், சிவப்பு மலையோட வால். தொற்று இருக்கு, ஆனா கோட்டுக்குக் கீழ. இன்மை கருதுகோள் பொய்யா இருந்தும் நிராகரிக்காம விட்டுட்டோம். இரண்டாம் வகை, பீட்டா. இதுக்குப் பெரிய காரணம் ஜன்னல் காலம். தொற்று வந்து முதல் சில வாரம் ஆன்டிபாடி போதுமான அளவு உருவாகியிருக்காது. அப்ப எவ்வளவு கவனமா டெஸ்ட் பண்ணினாலும் எண் கீழதான் இருக்கும்.

அதனாலதான் லேப் ரிப்போர்ட்ல "தொற்று இல்லை"ன்னு எழுத மாட்டாங்க, "நான்-ரியாக்டிவ்"னு எழுதுவாங்க. இன்மை கருதுகோளை "ஏற்கிறோம்"னு எழுதாதீங்க, "நிராகரிக்க ஆதாரம் போதலை"ன்னு எழுதுங்கன்னு நான் ஒவ்வொரு வீடியோலயும் கத்தறது இதுக்குத்தான். லேப்காரங்க அதைச் சரியாச் செய்யறாங்க.

இப்ப ஸ்கேலை இடது பக்கம் தள்ளறேன். கோடு 0.20-லேர்ந்து 0.15-க்கு வருது. சிவப்புல விட்டுப்போறது குறையுது பாருங்க, ஆனா நீலத்துல மாட்டுறவங்க ஏறிட்டாங்க. வலது பக்கம் தள்ளினா நேர் எதிர். ஸ்கேலை எங்க வெச்சாலும் ரெண்டும் சேர்ந்து குறையாது. ரெண்டும் குறையணும்னா ஷீட்டையே நகர்த்தணும், இதோ, ரெண்டு மலையையும் விலக்கி வெக்கணும். அதாவது வேற நல்ல கிட் வேணும். நாலாம் தலைமுறை எலிசா ஆன்டிபாடியோட சேர்த்து வைரஸோட பி24 புரதத்தையும் பிடிக்கும், அதனால ஜன்னல் காலம் சுருங்குது. உங்க பாடக் கணக்குல இதே வேலையைக் கூறு அளவைக் கூட்டறது செய்யுது. கூறு பெருசானா மலை ஒல்லியாகும், கலக்கறது குறையும்.

அப்ப கோட்டை எங்க வெக்கறது? இதுக்குக் கணிதத்துல பதில் இல்லை. நெய்மனும் எகான் பியர்சனும் 1933-ல எழுதின கட்டுரையிலயே இதைச் சொல்லிட்டாங்க: எந்தத் தப்பு மோசம்னு ஆராயறவர்தான் முடிவு பண்ணணும்.

ரத்த வங்கியில முதல் வகைப் பிழை நடந்தா ஒரு 350 மில்லி பை வீணாப் போகும். இரண்டாம் வகை நடந்தா? அந்தப் பையைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மான்னு பிரிச்சு மூணு பேருக்கு ஏத்தலாம், மூணு பேருக்கும் தொற்று போகும். அதனால அங்க ஒரே டெஸ்ட், ரியாக்டிவ்னா அந்தப் பை வெளியே. கோட்டுக்குச் சற்றுக் கீழ இருக்கற 0.19 மாதிரி எண்ணைக்கூடப் பல லேப்கள் சாம்பல் பகுதின்னு வெச்சுத் திரும்பப் பார்ப்பாங்க.

ஆனா அதே ரிசல்ட்டை வெச்சு ரத்தம் குடுத்தவர்கிட்ட "உங்களுக்கு எச்.ஐ.வி."ன்னு சொல்லலாமா? கூடவே கூடாது. கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கிட்டது, சுலபமா இருக்கட்டும்னு. 10,000 பேர் ரத்தம் குடுக்கறாங்க, அதுல 10 பேருக்குத் தொற்று. ஆல்ஃபா 0.5 சதவீதம், பீட்டாவும் 0.5 சதவீதம். தொற்று உள்ள 10 பேரும் கிட்டத்தட்ட முழுசா மாட்டுவாங்க. தொற்று இல்லாத 9,990 பேர்ல 0.5 சதவீதம், சுமார் 50 பேர். ஆக ரியாக்டிவ் 60 பேர், அதுல 50 பேருக்குத் தொற்றே இல்லை!

இங்கதான் கமென்ட்ல திரும்பத் திரும்ப ஒரே தப்பு வருது. "ஆல்ஃபா 0.5 சதவீதம்னா ரியாக்டிவ் வந்தவங்கள்ல 0.5 சதவீதம்தானே தப்பு?" இல்லை. ஆல்ஃபாவோட வகுக்கும் எண் தொற்று இல்லாதவங்க மொத்தமும், 9,990. ரியாக்டிவ் வந்த 60 பேர் இல்லை. 60-க்கு எடுத்தா 83 சதவீதம் தப்பு. ரெண்டும் வேற வேற கேள்வி.

அதனால இந்தியாவுல அறிகுறி இல்லாத ஒருத்தருக்குத் தொற்றுன்னு சொல்ல மூணு டெஸ்ட்டும் ரியாக்டிவா இருக்கணும்னு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவோட வழிமுறை. ரத்த வங்கி அவரை ஐ.சி.டி.சி.ங்கற ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு அனுப்பும், தமிழ்நாட்டுல நம்பிக்கை மையம்னு போர்டு இருக்குமே, அதுதான். ரெண்டாவது டெஸ்ட்டுலயும் தப்பா ரியாக்டிவ் வர்றது அந்த 50 பேர்ல 0.5 சதவீதம், அதாவது 10,000 பேருக்குக் கால் ஆள். மூணாவதுல கணக்குப்படி 80 லட்சம் பேருக்கு ஒருத்தர்.

ஒரு நிமிஷம், முக்கியமான ஒண்ணு. மூணும் வேற வேற புரதம் அல்லது வேற வேற முறையில வேலை செய்யற கிட்டா இருக்கணும். ஒரே கிட்டை மூணு தடவை போட்டா இந்தப் பெருக்கல் செல்லாது. ஒருத்தரோட ரத்தத்துல இருக்கற ஏதோ ஒண்ணு முதல் தடவை தப்பா ஒட்டினா அதே கிட்ல மூணாவது தடவையும் ஒட்டும். கழுவறதுல வந்த தப்பு மட்டும்தான் அதுல சரியாகும். சார்பற்ற நிகழ்ச்சின்னு நிகழ்தகவுல படிச்சோமே, அந்த நிபந்தனை இங்கதான் கடிக்குது.

இதுக்கும் விலை உண்டு. மூணும் ரியாக்டிவா இருந்தாத்தான்னு கேட்டா பீட்டா ஏறும். 0.995-ஐ மூணு தடவை பெருக்கினா 0.985. தொற்று இருக்கற 1,000 பேர்ல ஒரே டெஸ்ட்னா 5 பேர் தப்பிப்பாங்க, மூணும் வேணும்னா 15 பேர். அதனால டெஸ்ட்டுகள் ஒத்துப்போகலைன்னா "இல்லை"ன்னு அனுப்பிட மாட்டாங்க, முடிவு நிச்சயமில்லைன்னு சொல்லி ரெண்டு வாரம் கழிச்சு வரச்சொல்லுவாங்க. ஜன்னல் காலத்துல இருக்கறவர்னா அதுக்குள்ள ஆன்டிபாடி கூடியிருக்கும்.

இப்ப உங்களுக்கு ஒரு கணக்கு. ஆல்ஃபா, பீட்டா ரெண்டும் அதேதான், ஆனா 10,000 பேர்ல தொற்று 10 இல்லை, 500. ரியாக்டிவ் வந்தவங்கள்ல எத்தனை சதவீதம் தப்புன்னு கமென்ட்ல போடுங்க. 9-க்குக் கொஞ்சம் கீழ வந்தா சரி. 0.5 வந்துச்சுன்னா வகுக்கும் எண்ணைத் திரும்பப் பாருங்க.