வழியனுப்பிவிட்டுத் திரும்பும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களைத் திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் விடுகிற சவாரிதான் எனக்கு அதிகம். நடுராத்திரி, அதிகாலை விமானங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சென்னைக்குப் போக வாகைக்குளத்தில் விமானம் பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவாக வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருவனந்தபுரம் அப்படியில்லை, ஏறத்தாழ 150 கிலோமீட்டர்.

போன வருஷம் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டார். "அண்ணாச்சி, பையன் துபாய் போறான். சனிக்கிழமை ராத்திரிக்கு வண்டி வேணும்" என்றார். டிக்கெட்டைப் போனில் அனுப்பச் சொன்னேன். சனிக்கிழமை, 04:25 என்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கப் போகிற நமக்குச் சனிக்கிழமை விடியற்காலம். அவர் சொன்னபடி சனி ராத்திரி கிளம்பியிருந்தால் விமானம் போய் முக்கால் நாள் ஆகியிருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறிவிடுகிறது, நம் மனசு விடிந்தால்தான் மாற்றிக்கொள்கிறது. அதனால் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் விமானம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கிழமையைக் காலண்டரில் தனியாக எழுதி வைத்துவிடுங்கள்.

சரி, 04:25-க்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆக, 1:25-க்கு அங்கே நிற்க வேண்டும். நாகர்கோவில் வரை நாலுவழிச் சாலை. அதற்கப்புறம் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊருக்குள் புகுந்து புகுந்து போகிற பாதை. மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டயர் பஞ்சர், டீ, பாஸ்போர்ட்டைத் தேடுவது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம். கணக்குப் போட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டும். திருவனந்தபுரத்தில் வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் கடலோரம் சங்குமுகம் பக்கம். நடுவில் ஓடுதளம் கிடக்கிறது. மாறிப் போனால் சுற்றித்தான் வர வேண்டும்.

இதுவரை எல்லோரும் யோசிக்கிறார்கள். யாரும் யோசிக்காதது, ஆளை இறக்கிவிட்ட வண்டி திரும்பி வருவதைத்தான்.

நம் ஊரில் ஒருவர் வெளிநாடு போனால் அப்பா, மாமா, மச்சான், இரண்டு பிள்ளைகள் என்று வண்டி நிறைய ஆள் வரும். பையனை உள்ளே அனுப்பிவிட்டு ஒன்றரை, இரண்டு மணிக்கு "சரி, கிளம்புவோம்" என்பார்கள். ராத்திரி இரண்டிலிருந்து காலை ஆறு வரை உடம்பு தூக்கத்துக்கென்றே ஒதுக்கி வைத்த நேரம். எவ்வளவு பழகிய டிரைவரும் அதற்கு விலக்கில்லை. பின்னால் இருக்கிற ஐந்து பேரும் பத்து நிமிஷத்தில் உறங்கிவிடுவார்கள். விழித்திருக்க வேண்டியவர் ஒருவர் மட்டும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். அன்று பகலிலும் ஒரு சவாரி போயிருந்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்தவன், மறுநாள் அதிகாலை நாலு மணிக்கு நாகர்கோவில் தாண்டி வந்துகொண்டிருந்தேன். கேரளப் பக்கம் வளைவும் ஜங்ஷனுமாக இருந்ததால் தூக்கம் தெரியவில்லை. நாலுவழியில் ஏறி, சாலை நேராகி, ஸ்டியரிங்குக்கு வேலை இல்லாமல் போனதும் வந்தது. காவல்கிணறு போர்டைப் பார்த்தபோது திக்கென்றது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டியது ஞாபகமே இல்லை. அந்த இடத்தில் வண்டியை ஓரம்கட்டி ஒரு நிமிஷம் நிற்காமல் நான் வந்ததே கிடையாது. கண் திறந்துதான் இருந்திருக்கும், கை ஓட்டித்தான் இருக்கும். ஆனால் ஆள் அங்கே இல்லை.

கொட்டாவி, கண் எரிச்சல் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். கடந்து வந்த ஊர் நினைவில்லை, வண்டி தானாகக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வருகிறது என்றால், அப்போதே நிறுத்த வேண்டும். எண்பதில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். நாலு நொடி கண் செருகினால் ஏறக்குறைய 90 மீட்டர் யாருமே ஓட்டாமல் போயிருக்கிறது.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் கவனம் போல ஆகிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு விடுவதே 30 வரைதான். நான் அன்று இருபத்து மூன்று மணி நேரம் விழித்திருந்தேன். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. ஊதச் சொன்னாலும் மெஷின் ஒன்றும் காட்டியிருக்காது.

கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிஷம்தான் தாங்கும். கொஞ்சம் உதவுவது காப்பி. அதுவும் வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அதனால் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, வெளிச்சமான பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு, இருபது நிமிஷம் கண்ணை மூடுங்கள். எழும்போது காப்பியும் ஏறியிருக்கும். ஏசியை ஓடவிட்டுப் படுக்காதீர்கள், புகை உள்ளே வந்தால் எழவே மாட்டோம். இந்த இருபது நிமிஷமும் பக்கத்து ஊர் வரை போகத்தான். மூன்று மணி நேர ஓட்டத்துக்குப் போதாது.

அப்படியென்றால் எட்டரை மணி விமானம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பாருங்கள், அதற்கு ராத்திரி ஒரு மணிக்கே கிளம்ப வேண்டும். போகிற வழி பெரும்பாலும் அந்தக் கெட்ட நேரத்தில் மாட்டும். மத்தியான விமானம் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பேன். கிடைக்காவிட்டால் முந்தின நாள் பகலிலேயே ரயிலில் போய், திருவனந்தபுரம் சென்ட்ரலில் ஓய்வறை எடுத்து ஐந்து மணி நேரம் உறங்கலாம். அங்கிருந்து விமான நிலையம் ஆறு கிலோமீட்டர்தான்.

மேலப்பாளையத்துப் பெரியவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொண்டேன். விருந்தை வியாழக்கிழமையே வைத்துவிடுங்கள், வெள்ளி மத்தியானம் பையன் உறங்கட்டும். கூட வருகிறவர் ஒருவர் போதும், முன் சீட்டில் பேச்சுத் துணைக்கு. அப்புறம், எனக்கு ஒரு லாட்ஜ் ரூம். நான் அன்று வேறு சவாரி எடுக்கவில்லை, மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்கினேன். "ரூம் எதுக்கு அண்ணாச்சி, வீணா காசு?" என்றவர், முப்பந்தல் கதையைச் சொன்னதும் சம்மதித்தார்.

ஒன்றேகாலுக்குப் பையனை இறக்கிவிட்டோம். நானும் பெரியவரும் ஆறு மணி வரை உறங்கினோம். முப்பந்தலில் வண்டியை நிறுத்தியபோது நல்ல வெயில். பெரியவர் இறங்கிக் கடையில் டீ சொன்னார். பையன் துபாயில் இறங்கிவிட்டதாக அங்கேதான் போன் வந்தது.