திருமணத் தாமதமும் பிறந்த நேரமும்
(கும்பகோணத்தில் நடைபெற்ற சோதிடக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்துவரும் குடும்பத்தின் மூத்தவராக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்து காலையிலிருந்து நம் அனைவருக்கும் காப்பி வழங்கிக்கொண்டிருக்கும் புரவலர் அவர்களே, எனக்கு முன் நவாம்சத்தைப் பற்றித் தெளிவாகப் பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, பெற்றோர்களே, குறிப்பாக மகளின் ஜாதக நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்று மூன்று செய்திகளைப் பேச எண்ணி வந்திருக்கிறேன். திருமணம் தாமதமாவதற்குச் சோதிடர்கள் வழக்கமாகச் சொல்லும் கிரகக் காரணங்கள் முதலாவது. அவற்றுக்குச் சொல்லப்படும் பரிகாரங்களை ஒரு குடும்பம் எப்படி எடைபோடுவது என்பது இரண்டாவது. தசவிதப் பொருத்தம் பார்ப்பதிலுள்ள குழப்பங்கள் மூன்றாவது. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதை மட்டும் இந்த ஒரு மணி நேரமும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசிதான் லக்னம்; ஜாதகத்தில் அதிலிருந்து எண்ணி வரும் ஏழாம் இடத்தை, வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் களத்திர ஸ்தானம் என்கிறோம். இரண்டாம் இடம் குடும்ப ஸ்தானம். சுக்கிரன் களத்திர காரகன். தாமதம் என்று ஒரு சோதிடர் சொன்னால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று பாதிக்கப்பட்டிருக்கிறது என்றே பொருள். ஏழில் சனி அமர்ந்திருக்கலாம், அல்லது சனி தன் மூன்றாம், ஏழாம், பத்தாம் பார்வைகளில் ஒன்றால் ஏழாம் இடத்தைப் பார்க்கலாம். ராகுவும் கேதுவும் ஒன்று ஏழு, அல்லது இரண்டு எட்டு என்ற அமைப்பில் இருக்கலாம். சுக்கிரன் பலம் குன்றி நீசமாகவோ சூரியனோடு நெருங்கி அஸ்தங்கமாகவோ இருக்கலாம். சனியும் சந்திரனும் சேர்ந்தால் புனர்பூ தோஷம் என்று சொல்லி, பேசி முடித்த சம்பந்தமும் தள்ளிப்போகும் என்பார்கள்.

செவ்வாய் தோஷத்தை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய ஐந்து இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று லக்னத்திலிருந்து மட்டும் எண்ணினாலே, பன்னிரண்டு ஜாதகத்தில் ஐந்து தோஷ ஜாதகமாகிவிடும். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் சேர்த்து எண்ணினால், விதிவிலக்குகளைக் கழிப்பதற்கு முன், ஏறத்தாழ ஐந்தில் நான்கு ஜாதகம் அதில் விழும். அதனால்தான் ஆட்சி, உச்சம், கடகச் சிம்ம லக்னங்கள் என்று விதிவிலக்குகளை நூல்கள் அடுக்குகின்றன. அந்த விதிவிலக்குகளைப் பார்க்காமல் தோஷம் என்று எழுதிக் கொடுத்த தாளுக்கு மதிப்பில்லை.

இனி நான் சொல்லப்போவது ஒரு ஜாதகம். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலை, இந்தக் கும்பகோணத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கன்னி ராசி, சித்திரை நட்சத்திரம். ஜாதக நோட்டில் பிறந்த நேரம் காலை 8.15 என்று எழுதியிருந்தது. அந்த நேரத்துக்குச் சிம்ம லக்னம் வருகிறது. அந்த ஆண்டு முழுவதும் சனி கும்பத்தில் இருந்ததால், சிம்மத்துக்கு ஏழில் சனி. சுக்கிரனோ கன்னியில் நீசம். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் தாமதம் என்றார்கள். முப்பத்திரண்டு வயதுக்கு முன் வரனே பார்க்க வேண்டாம் என்றார் ஒருவர். ஏழில் சனி உள்ள மாப்பிள்ளையாகப் பார்த்தால்தான் சமதோஷம் என்றார் மற்றொருவர். அந்தச் சொல்லை நம்பி, தாமாகத் தேடி வந்த நல்ல இடங்களை அந்தக் குடும்பம் கட்டத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியது. திருநள்ளாற்றில் எள் தீபம் ஏற்றினார்கள். கடைசியில் 40,000 ரூபாய்க்கு ஒரு சனி சாந்தி யாகம் செய்யச் சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான், 2023ஆம் ஆண்டின் இறுதியில், அந்தத் தாயார் என் முன்னால் வந்து அமர்ந்தார்.

நான் முதலில் கேட்டது கட்டத்தை அல்ல. "அம்மா, இந்த எட்டே காலை யார் பார்த்துச் சொன்னது?" என்று கேட்டேன்.

"எங்க மாமனார்தாங்க. நர்ஸம்மா வெளிய வந்து சொன்னதக் கேட்டு, அப்பவே பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதினாரு" என்றார்.

"ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஏதாவது இருக்கிறதா?"

பிறப்புச் சான்றிதழில் நாள் இருந்தது. நேரம் இல்லை. வழக்கமாக அதில் நேரம் இருப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதே கிடையாது. இரண்டு நாள் கழித்து அதே அம்மா, பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த டிஸ்சார்ஜ் தாளோடு வந்தார். மடிப்பில் கிழிந்து, மையெல்லாம் பழுப்பேறியிருந்த அந்தத் தாளில், குழந்தையின் எடைக்குப் பக்கத்தில் நேரம் 8.45 என்று எழுதியிருந்தது. வராந்தாக் கூட்டத்தில் நின்ற பெரியவர், எட்டே முக்காலை எட்டே கால் என்று காதில் வாங்கியிருக்கிறார்.

அன்றைய தினம் இந்த ஊரில் எட்டரை மணிக்குச் சற்று முன்பாகச் சிம்ம லக்னம் முடிந்து கன்னி லக்னம் தொடங்கிவிட்டது. ஆகவே அந்தப் பெண்ணின் லக்னம் கன்னி. சனி ஏழில் இல்லை, ஆறில் இருக்கிறார். மெத்தச் சரி, தோஷம் போயிற்று என்று எழுந்துவிடக் கூடாது. கன்னிக்கு இரண்டாம் இடமான துலாத்தில் அப்போது ராகு இருந்தார். குடும்ப ஸ்தானத்தில் ராகு என்பதையும் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்வதுண்டு. சுக்கிரனின் நீசமும் மாறவில்லை. ஆனால் அதே துலாத்தில் ராகுவோடு குருவும் இருக்கிறார். கன்னி லக்னத்துக்கு ஏழாம் அதிபதி குரு. சித்திரை நட்சத்திரக்காரியான அந்தப் பெண்ணுக்குச் செவ்வாய் தசையின் மிச்சமும் ராகு தசையும் முடிந்து, 2017 வாக்கிலேயே குரு தசை தொடங்கியிருந்தது. சிம்ம லக்னமாக வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரு எட்டாம் அதிபதியாகவும் தெரிந்ததால், தசை வந்தும் அச்சமே வந்தது. அரை மணி நேர வித்தியாசம் முழு வாசிப்பையும் புரட்டிவிட்டது.

அவையோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிம்ம லக்னம்தான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், கும்பம் சனிக்கு ஆட்சி வீடு, ஏழாம் இடம் சனிக்குத் திக்பலம் உள்ள இடம். கேந்திரத்தில் ஆட்சி பெற்ற சனியைச் சச யோகம் என்று நூல்கள் கூறுகின்றன. தாமதித்தாலும் நிலைத்த மணவாழ்வு என்று படிக்க வேண்டிய அமைப்பைத் தண்டனை போலச் சொல்லி அந்தக் குடும்பத்தைக் கலங்கடித்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

யாகத்தை நிறுத்தினார்கள். திருப்பி அனுப்பிய வரன்களில் எவர் இன்னும் மணமாகாமல் இருக்கிறார் என்று விசாரித்தார்கள். அவர்களில் ஒருவரோடு அடுத்த ஆண்டு திருமணம் நடந்தது. குரு தசை தந்ததா, கதவைத் திறந்து வைத்ததால் வந்ததா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஏழில் சனி என்ற ஒரு வரி, சனியை விட அதிகமாக அந்தப் பெண்ணின் திருமணத்தைத் தள்ளிப்போட்டிருந்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பதறாத காரியம் சிதறாது. அந்த வீட்டில் பதற்றம்தான் வரன்களைச் சிதறடித்தது.

பரிகாரத்துக்கு வருகிறேன். நான் பரிகாரத்துக்கு எதிரி அல்லன். நம்மைச் சுற்றியே ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர் என்று நவக்கிரகத் தலங்கள் இருக்கின்றன. குத்தாலத்துக்கு அருகே திருமணஞ்சேரியில் கல்யாணசுந்தரருக்கு மாலை சாற்றி வழிபட்டு, தரப்படும் மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, மணமான பின் தம்பதியாக வந்து நேர்த்தியை நிறைவு செய்யும் வழக்கம் எவ்வளவு இதமானது! செலவு ஒரு அர்ச்சனைச் சீட்டும் மாலையும்தான். கலங்கிய மனத்துக்கு ஊன்றி நிற்க அது இடம் தருகிறது.

ஒரு பரிகாரத்தைச் சொல்பவரிடம், எந்தக் கிரகம், எந்த இடத்தில், எந்த விதிப்படி என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். நல்ல சோதிடர் இரண்டு வரியில் எழுதித் தருவார். கிரகத்தின் பெயரே இல்லாமல் பொதுவாகத் தோஷம் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கோயிலில் செய்வதாயின் தேவஸ்தான அலுவலகத்திலேயே சீட்டு வாங்கி ரசீது பெறுங்கள். வாசலில் வழிமறிப்பவரிடம் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இல்லை. முதல் பரிகாரம் பலிக்கவில்லை, அதைவிடப் பெரியது ஒன்று செய்ய வேண்டும் என்று தொகை ஏறிக்கொண்டே போனால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ செய்யும் பரிகாரம் திருமணச் செலவையே தின்றுவிடும். வாழை மரத்துக்குத் தாலி கட்டுவது போன்ற சடங்கை, பெண்ணோ பிள்ளையோ மனம் ஒப்பாமல் கூசும்போது வற்புறுத்திச் செய்விக்காதீர்கள். அவர்களுடைய சம்மதமும் ஒரு பலம்தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். பல ஆண்டுகளாக நான் மேடை மேடையாகக் கேட்டு வருவது இது ஒன்றைத்தான். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது, ஒரு ராசியை ஒன்பதாகப் பகுத்துப் பார்க்கும் நவாம்ச லக்னமோ ஏறத்தாழ பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இன்று பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் ஒவ்வொரு தாத்தாவும், காதால் கேட்டதை எழுதாமல், மருத்துவமனைத் தாளில் நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, அந்தத் தாளைப் படமெடுத்து வைக்க வேண்டும். நேரமே தெரியாதவர்களுக்கு ராசியை வைத்துக் கோசாரமும் தசையும் பார்க்கலாம். ஆனால் ஏழாம் இடத்தைப் பற்றி அவர்களிடம் அடித்துச் சொல்லும் உரிமை எந்தச் சோதிடருக்கும் இல்லை.

தசவிதப் பொருத்தத்தைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். பதறாத காரியம் சிதறாது, அதை அடுத்த கூட்டத்தில் நிதானமாகப் பேசுவோம். வெளியே மேசையில் ஒரு பக்கத் தாள் அடுக்கி வைத்திருக்கிறோம். பிறந்த நாள், ஊர், நேரம், அந்த நேரத்தைச் சொன்னவர் யார், எதில் எழுதியிருந்தது என்று ஐந்து கட்டங்கள் அதில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் சென்று, பழைய பெட்டிகளைத் தேடிப் பார்த்து நிரப்பி, அடுத்த முறை ஜாதக நோட்டோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.