"ஙய பலம் வெல்லம்" எவ்வளவு? பாட்டி சீட்டை டைப் பண்ணும்போது தப்பாகுற இடம் இதுதான்!

[திரையில்: பழுப்பேறின தாள், நீல மை. உச்சியில் "உ". அதுக்குக் கீழே ஆறு வரி.]

இந்த மாதிரிச் சீட்டைப் பாருங்க. அதிரசப் பக்குவம். வெல்லத்துக்குப் பக்கத்துல "ஙய பலம்"னு இருக்கு. ஏலக்காய்க்குப் பக்கத்துல வெறும் "எ". கண்ணுக்குத் தெரியுறதை அப்படியே டைப் பண்ணி குடும்ப குரூப்புல போட்டீங்கன்னா, அதை வெச்சு ஒருத்தராலயும் அதிரசம் சுட முடியாது. ஏன்னா "ஙய"ங்கிறது எழுத்தே இல்ல. அது முப்பது!

ஃபோட்டோதான் இருக்கே, டைப் எதுக்குன்னு கேட்பீங்க. வாட்ஸ்அப்புல வந்த படத்தை டவுன்லோடு பண்ணாம விட்டா, ரொம்ப நாள் கழிச்சுத் தொடும்போது அது திறக்காது, மறுபடி அனுப்பச் சொல்லும். அனுப்பினவர் ஃபோன்லயும் அது இல்லைன்னா படம் போச்சு. மெசேஜா வந்த எழுத்து சாட்டோடயே இருக்கும், "அதிரசம்"னு தேடினா வந்து நிக்கும். பின்னணி இவ்வளவுதான், வேலைக்கு வரலாம்.

முதல்ல படம். வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்புற படத்தைச் சுருக்கிடும், அதுல முதல்ல அழியுறது மெல்லிசான புள்ளிதான். அதனால "டாக்குமெண்ட்டா அனுப்புங்க"ன்னு கேட்டு வாங்குங்க. மை மங்கலா இருந்தா, ஃபோட்டோ எடிட்டர்ல கருப்பு வெள்ளையா மாத்தி சிவப்பு ஃபில்டர் போடுங்க. நீல மை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், பழுப்பேறின தாள் அதைத் திருப்பி அனுப்பும். அதனால தாள் வெளுத்து, எழுத்து கருத்து நிக்கும். ஆனா ஒரிஜினல் படத்து மேல சேவ் பண்ணிடாதீங்க, காப்பி எடுத்துப் பண்ணுங்க.

[திரையில்: "௩௰" பெரிதாக.]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பழைய கையெழுத்துல தமிழ் எண்கள் கிட்டத்தட்ட எழுத்து மாதிரியேதான் இருக்கும். ஞாபகம் வெச்சுக்க ஒரு வரி உண்டு: "கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்". ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்தும் வரிசையா 1 முதல் 9 வரைக்கும். க ஒண்ணு, உ ரெண்டு, ங மூணு, அப்படியே கூ ஒன்பது. பத்துக்கு மட்டும் ய.

இதுல வரிசைதான் முக்கியம். "உய"ன்னா ரெண்டு பத்து, இருபது. திருப்பி "யஉ"ன்னு இருந்தா பத்தும் ரெண்டும், பன்னிரண்டு. ஒரே ரெண்டு எழுத்து, இடம் மாறினா எட்டு பலம் வித்தியாசம்! அப்படிப் பார்த்தா நம்ம சீட்டுல "ஙய" மூணு பத்து, முப்பது. ஏலக்காய் "எ"ன்னா ஏழு.

நெய்க்குப் பக்கத்துல "வ படி"ன்னு இருக்கு பாருங்க. வ-ன்னா கால். "எட்டேகால் லட்சணமே"ன்னு ஔவையார் திட்டின பாட்டு ஞாபகம் இருக்கா? எட்டுக்கு அ, காலுக்கு வ. சேர்த்தா "அவ லட்சணமே". அந்த வ-தான் இந்த வ. கால் படி நெய்.

சரி, உச்சியில இருக்கிற "உ"? அது ரெண்டு இல்ல, பிள்ளையார் சுழி. பின்னாடி படி, பலம், வீசைன்னு அளவு வந்தா எண். தனியா தாள் உச்சியில நின்னா சுழி.

முப்பதுதான்னு எப்படி நிச்சயம் பண்றது? கணக்குப் போட்டுப் பாருங்க. பலம் சுமார் 35 கிராம். முப்பது பலம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒரு படி பச்சரிசிக்கு அது சரியா வரும், ஏன்னா அதிரசத்துக்கு நாலு பங்கு அரிசிக்கு மூணு பங்கு வெல்லம்ங்கிறது வழக்கமான அளவு. "ய"வைக் கவனிக்காம மூணு பலம்னு படிச்சா நூறு கிராம்தான் வரும். அதுல பாகே வராது.

அடுத்து டைப். படம் ஒரு பக்கம், எடிட்டர் ஒரு பக்கம். ரெண்டு நகல் எடுங்க. முதல் நகல் மூலத்துல இருக்கிறபடியே: தாள்ல வரி எங்க முடியுதோ அங்கேயே முடிங்க, எழுத்துப்பிழையைத் திருத்தாதீங்க, புள்ளி இல்லைன்னா வைக்காதீங்க.

```
[படம்: adhirasam-1.jpg, முன்பக்கம்]
1 உ
2 அதிரஸம
3 பச்சரிசி ௧ படி
4 வெல்லம ௩௰ பலம
5 ஏலக்காய ௭
6 நெய் வ [கால்] படி
7 பாகு உ[ருட்டுப்?] பதம்
```

ஏழாவது வரியில மை கலைஞ்சிருக்கு, "உ" மட்டும்தான் தெரியுது. அதிரசப் பாகுக்கு உருட்டுப் பதம்னு சொல்றதால அப்படி ஊகிக்கலாம், ஆனா ஊகிச்ச எழுத்து அடைப்புக்குள்ள, கேள்விக்குறியோடதான் இருக்கணும். படம் தொலைஞ்ச பிறகு படிக்கிறவருக்கு, பாட்டி எழுதினது எது, நீங்க சேர்த்தது எதுன்னு தெரிய வேற வழியே கிடையாது.

௧, ௭ ரெண்டும் எண்ணுக்கான குறியீடு, க, எ-ங்கிற எழுத்து இல்ல. கீபோர்டுல கிடைக்கலைன்னா, இணையத்துல தமிழ் எண்கள் பட்டியல்ல இருந்து நகலெடுத்து ஒட்டுங்க. கால், அரை மாதிரி பின்னங்களுக்கு 2019ல யூனிகோடு இடம் கொடுத்திடுச்சு, ஆனா நிறைய ஃபோன்ல அது வெறும் கட்டமாத்தான் தெரியும். அதான் "வ" போட்டு, பக்கத்துல "கால்"னு எழுதியிருக்கேன்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின கையெழுத்துல லை, ணை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வெச்ச மாதிரி இருக்கும். அதை இப்போ எழுதுற மாதிரியே டைப் பண்ணுங்க, பழைய வடிவத்துக்குத் தனிக் குறியீடு கிடையாது.

ரெண்டாவது நகல், சமைக்கிறவங்களுக்கு. "வெல்லம் 30 பலம் (சுமார் 1,050 கிராம்)"னு புள்ளி வெச்சு, இன்றைய அளவோட எழுதுங்க.

சேமிக்கும்போது யூனிகோடு, .txt கோப்பு. பாமினி ஃபாண்ட்ல அடிச்சுடாதீங்க. அதுல அடிச்ச "அம்மா", ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல `mk;kh`ன்னு வந்து நிக்கும்.

சரிபார்க்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் படத்தைப் பார்த்துச் சத்தமாப் படிக்கணும், இன்னொருத்தர் டைப் பண்ணதைப் பார்க்கணும். எண்களை மட்டும் கீழிருந்து மேலே இன்னொரு தடவை படிங்க. மேலிருந்து படிச்சா, வரும்னு எதிர்பார்க்கிற எண்ணையே கண்ணு பார்த்துட்டுப் போயிடும். முடிஞ்சதும் ரெண்டு நகலையும் படம் வந்த அதே சாட்ல மெசேஜா ஒட்டுங்க, உங்களுக்கே ஒரு மெயிலும் அனுப்பிடுங்க.

ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கு: படி. பலத்தை கிராமாக்கின மாதிரி இதை மாத்திட முடியாது, ஏன்னா படி ஊருக்கு ஊர் வேற. வீட்டுல பழைய படி கிடந்தா, தண்ணி நிரப்பி அளவுக் குவளையில ஊத்தி, எத்தனை மில்லின்னு ரெண்டாவது நகல்ல எழுதிடுங்க. அந்த அளவையும் உங்க ஊர்ப் பேரையும் கமெண்ட்ல போடுங்க. சீட்டு இருந்து படி இல்லாதவங்களுக்கு அந்த ஒரு எண்தான் தேவை.