300 சதவீதம் என்று எழுதியிருந்த ஒரு ரெஸ்யூமே

வணக்கம் மக்களே. வெளியே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது, கூரைச் சத்தம் மைக்கில் விழுந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் இருந்து ஒரு தங்கச்சி தன்னுடைய ரெஸ்யூமேயை எனக்கு அனுப்பியிருந்தாள். கூடவே அவள் போட நினைக்கிற டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையின் அறிவிப்பும் இருந்தது. பெயரையும் வேலை பார்த்த இடத்தையும் மறைத்துவிட்டுக் காட்டுகிறேன், அவளிடம் கேட்டுவிட்டேன். அறிவிப்பு கேட்பது மூன்று விஷயம். நடத்திய கேம்பெய்ன்களின் எண்கள், அனலிட்டிக்ஸ் கருவிகளில் பழக்கம், மாதம் 2 லட்சம் வரை விளம்பரப் பட்ஜெட்டைக் கையாண்ட அனுபவம்.

ரெஸ்யூமேயில் முதல் வரியே இதுதான்: "கன்னியாகுமரியில் உள்ள ஒரு தங்கும் விடுதிக்கு மெட்டா விளம்பரங்கள் மூலம் விசாரணைகளை 300% உயர்த்தினேன்." நானும் ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வருகிற முதல் கேள்வி, எதிலிருந்து 300? பத்து விசாரணை நாற்பது ஆனாலும் 300 சதவீதம்தான், ஆயிரம் நாலாயிரம் ஆனாலும் அதேதான். அடி எண் இல்லாத சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அவளுக்குப் போன் போட்டேன். "அண்ணே, கணக்கு எல்லாம் ஷீட்டில் இருக்கு, ரெஸ்யூமேயில் இடம் இல்லைன்னு விட்டுட்டேன்" என்றாள். ஷீட்டைப் பார்த்தால் ரெஸ்யூமேயைவிட அது பத்து மடங்கு நன்றாக இருக்கிறது! அக்டோபர், நவம்பர், டிசம்பர், மாதம் 15,000 ரூபாய் செலவு. விளம்பரத்தைத் தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும். அக்டோபரில் 60 பேர் விசாரித்தார்கள், நவம்பரில் 120, டிசம்பரில் 180. அதாவது ஒரு விசாரணைக்கு ஆன செலவு 250 ரூபாயில் இருந்து 125 ஆகி, 83க்கு வந்திருக்கிறது. அக்டோபரையும் டிசம்பரையும் வைத்துப் பார்த்தால்கூட உயர்வு 200 சதவீதம்தான். 300 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 60 மூன்று மடங்காகி 180 ஆனதை 300 சதவீத உயர்வு என்று எழுதிவிட்டாள். மூன்று மடங்கு ஆனால் உயர்ந்தது இரண்டு மடங்கு. இந்தத் தவறை நிறைய ரெஸ்யூமேகளில் பார்க்கிறேன், இன்டர்வியூவில் ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் வேறு. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கார்த்திகை ஒன்று பிறந்ததும் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கும் வர ஆரம்பிப்பார்கள். டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் வேறு. சீசனில் யார் விளம்பரம் போட்டாலும் ரூம் கேட்டு ஆள் வரும். அப்படியென்றால் செலவு குறைந்ததற்கு அவள் காரணமா, சீசன் காரணமா?

அக்டோபரில் விளம்பரம் யாருக்குக் காட்டப்பட்டது என்று பார்த்தோம். கன்னியாகுமரியைச் சுற்றி 40 கிலோமீட்டர். நாகர்கோவில்காரரும் தக்கலைக்காரரும் கன்னியாகுமரியில் எதற்கு ரூம் எடுக்கப் போகிறார்கள்? அவள் நவம்பர் முதல் வாரத்தில் அதை நிறுத்திவிட்டு, திருவனந்தபுரம், மதுரை, பெங்களூரு என்று மாற்றியிருக்கிறாள். விளம்பரத்தில் இருந்த படத்தை நீக்கிவிட்டு, மொட்டை மாடியில் இருந்து எடுத்த சூரிய உதய வீடியோவைப் போட்டிருக்கிறாள். கார்த்திகை பிறப்பதற்கு முந்தைய ஏழு நாட்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். தீபாவளி விடுமுறையும் முடிந்துவிட்ட நாட்கள் அவை. அந்த வாரத்திலேயே ஒரு விசாரணைக்கு 140 ரூபாய்தான் ஆகியிருக்கிறது. சீசன் தொடங்கும் முன்பே விழுந்த அந்த இறக்கம் அவளுடைய வேலை என்று தைரியமாகச் சொல்லலாம். இடம் மாறியதாலா வீடியோவாலா என்று மட்டும் பிரிக்க முடியாது, இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டாள். டிசம்பரின் 83 ரூபாயை ரெஸ்யூமேயில் போடாதே என்றேன்.

அடுத்தது புக்கிங். மெட்டா காட்டுவது உரையாடல் தொடங்கிய எண்ணிக்கையைத்தான், அதில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பது அதற்குத் தெரியாது. இவள் வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு, வாரம் ஒருமுறை விடுதி மேனேஜரின் நோட்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். 360 விசாரணையில் 54 புக்கிங். இந்த ஒரு வேலைக்காகவே நான் அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவேன், ஆனால் ரெஸ்யூமேயில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

கருவிகள் பகுதிக்கு வருவோம். பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. கூகுள் அனலிட்டிக்ஸ் என்பதற்கு எதிரே "கேம்பெய்னை அளக்கப் பயன்படுத்தினேன்" என்று எழுதியிருக்கிறாள். விளம்பரம் நேராக வாட்ஸ்அப்புக்குப் போகிறது, விடுதியின் இணையதளத்தை அது தொடவே இல்லை. அப்புறம் அனலிட்டிக்ஸில் எப்படித் தெரியும்? விஷயம் தெரிந்தவர் இதைக் கேட்டால் திணறிப் போவாள். அவள் படித்ததோ 2022இல், பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ். அது 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது, இப்போது இருப்பது அதன் அடுத்த பதிப்பான GA4.

அதனால் பொய்யை எடுத்துவிட்டு உண்மையான ஒன்றைச் செய்வோம் என்று உட்கார்ந்தோம். விடுதியின் இன்ஸ்டாகிராம் பயோவில் இணையதள லிங்க் வெறுமனே இருந்தது. அதன் முடிவில் இதைச் சேர்த்தாள்:

```
?utm_source=instagram&utm_medium=bio
```

முன்பு அந்த வருகைகள், எங்கிருந்து வந்தவை என்று தெரியாமல், `(direct) / (none)` என்றும் வேறு பெயர்களிலும் சிதறிக் கிடந்தன. இப்போது GA4இன் Traffic acquisition அறிக்கையில் `instagram / bio` என்று தனி வரியாக நிற்கிறது. இணையதளத்தில் உள்ள வாட்ஸ்அப் பட்டனைத் தட்டுவதை முக்கிய நிகழ்வாகக் குறித்தும் வைத்துவிட்டாள். பன்னிரண்டு பெயரில் எட்டை அடித்துவிட்டோம். மிச்சம் நான்கு, நான்கிலும் எந்தத் திரையைத் திறந்து எதைப் பார்த்தாள் என்று அவளால் சொல்ல முடியும்.

பட்ஜெட்டில்தான் அவளுக்குப் பயம். அவர்கள் கேட்பது மாதம் 2 லட்சம், இவள் கையாண்டது 15,000. "45,000ன்னு மொத்தமா போடட்டுமா அண்ணே?" என்றாள். போடலாம், மூன்று மாதத்துக்கு என்று பக்கத்திலேயே எழுதினால். இல்லையென்றால் படிப்பவர் மாதத்துக்கு என்று எடுத்துக்கொள்வார், அப்புறம் நம்பிக்கை போய்விடும். நான் இன்னொன்றும் கேட்டேன், விடுதிக்காரர் கட்டியது எவ்வளவு? 45,000க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8,100, மொத்தம் 53,100. ஒரு புக்கிங்குக்கு 833 ரூபாய் என்று அவள் சொல்வது வரி சேர்த்தால் 983 ஆகிறது. எதைச் சொன்னாலும் சரிதான், வரி சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்லிவிட வேண்டும். பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தது யார் என்றும் கேட்டேன். முதலாளியிடம் கேட்டுவிட்டு, சுற்றுவட்டார விளம்பரத்தை நிறுத்தி அந்தப் பணத்தை வெளியூருக்குத் திருப்பியது இவள்தான். அறிவிப்பில் பட்ஜெட் கையாளுதல் என்று கேட்பது இதைத்தான்.

இப்போது அந்த முதல் வரி இப்படி இருக்கிறது, வாசிக்கிறேன்: "மாதம் 15,000 ரூபாய் மெட்டா பட்ஜெட்டில், வெளியூர்களுக்கு இலக்கை மாற்றியும் வீடியோ விளம்பரம் போட்டும், சீசனுக்கு முன்பே ஒரு விசாரணையின் செலவை 250இல் இருந்து 140 ரூபாயாகக் குறைத்தேன், மூன்று மாதத்தில் 360 விசாரணை, 54 புக்கிங், வரி நீங்கலாக ஒரு புக்கிங்குக்கு 833 ரூபாய்."

2 லட்சத்துக்கும் 15,000க்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. அதைக் கவரிங் லெட்டரில் ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டாள். ஷீட்டின் ஸ்கிரீன்ஷாட்டை, வாடிக்கையாளர்களின் போன் நம்பர்களை மறைத்து, கூடவே இணைத்திருக்கிறாள். நேற்று இரவு அனுப்பிவிட்டதாக மெசேஜ் வந்தது.