கணிதத் தேர்வின் மூன்று மணி நேரம்: எந்தப் பகுதிக்கு எவ்வளவு?

(தருமபுரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகவும் பெற்றோர்களுக்காகவும் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவச் செல்வங்களே, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, தேர்வறைக்குள் மணியை எப்படிப் பங்கிடுவது, அந்தப் பங்கீட்டைத் திருப்புதல் தேர்வுகளில் எப்படிப் பழகிப் பார்ப்பது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். கணக்குத் தெரிந்த பிள்ளைகளே இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்குகளைத் தொடாமல் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து அழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த இழப்பைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

வினாத்தாளின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். பகுதி ஒன்றில் இருபது ஒரு மதிப்பெண் வினாக்கள். பகுதி இரண்டில் பத்து வினாக்களில் ஏழுக்கு விடையளிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். அதில் 30-ஆவது வினா கட்டாயம். பகுதி மூன்றிலும் அப்படியே பத்தில் ஏழு, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண்; 40-ஆவது வினா கட்டாயம். பகுதி நான்கில் ஏழு ஐந்து மதிப்பெண் வினாக்கள், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. மொத்தம் 90 மதிப்பெண். காலை 10.00 முதல் 10.10 வரை வினாத்தாளைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க, பிறகு 10.15 முதல் 1.15 வரை எழுத.

180 நிமிடத்தை 90 மதிப்பெண்ணால் வகுத்தால் மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் வருகிறது. இந்தக் கணக்கை அப்படியே நம்பிக்கொண்டு போனால் ஒரு மதிப்பெண் பகுதிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கிவிடுவீர்கள். சரிபார்க்க ஒரு நிமிடமும் மிஞ்சாது. ஆகவே நான் பரிந்துரைப்பது வேறு பங்கீடு: பகுதி ஒன்றுக்கு 30 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பத்து நிமிடம் வீதம் பகுதி நான்குக்கு 70, மூன்று மதிப்பெண் வினாவுக்கு ஐந்து நிமிடம் வீதம் 35, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு நான்கு நிமிடம் வீதம் 28. கூட்டினால் 163 வருகிறது. மீதிப் பதினேழு நிமிடம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். பாதியில் நின்ற கணக்குக்கும் சரிபார்ப்புக்கும் அதுதான் கைகொடுக்கும். அதை முன்கூட்டியே எந்தப் பகுதிக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் சொன்ன வரிசையில் பகுதி ஒன்றுக்கு அடுத்து பகுதி நான்கு வந்ததைக் கவனித்திருப்பீர்கள். கடைசியில் நேரம் போதாமல் ஒரு வினா விட்டுப்போனால், போவது இரண்டு மதிப்பெண்ணாக இருக்கட்டும், ஐந்தாக வேண்டாம் என்பதே அதற்குக் காரணம். ஆனால் வினா வரிசையிலேயே எழுதிப் பழகியவர்கள் இதற்காகப் பழக்கத்தை மாற்றிக்கொண்டு தடுமாற வேண்டியதில்லை. எந்த வரிசையில் எழுதினாலும், பகுதியின் தலைப்பையும் வினா எண்ணையும் தெளிவாக இட்டு, ஒவ்வொரு பகுதியையும் புதிய பக்கத்தில் தொடங்கினால் போதும். வரிசையைவிட எல்லை முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. எந்த மணிக்கு ஒரு பகுதியிலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

இப்போது ஒரு மாணவியின் மூன்று திருப்புதல் தேர்வுகளை உங்கள் முன் வைக்கிறேன். பென்னாகரம் பக்கத்துக் கிராமம், நன்றாகப் படிக்கும் பெண். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், இடையில் ஒரு வினாவில் தேங்கி நின்றாலும், விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் மணியைக் குறித்துவை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

முதல் தேர்வில் அவள் வினா வரிசைப்படி எழுதினாள். பகுதி ஒன்று முடிந்தபோது மணி 11.07, அதாவது 52 நிமிடம். பகுதி இரண்டு 11.37-க்கும், பகுதி மூன்று 12.17-க்கும் முடிந்தன. ஏழு ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு எஞ்சியது 58 நிமிடம். ஐந்தைத்தான் எழுத முடிந்தது. "ஐந்து மதிப்பெண் கணக்கில் நான் மெதுவாக எழுதுகிறேன், ஐயா" என்றாள். ஓரக் குறிப்புகளோ வேறு செய்தியைச் சொல்லின. ஒரு மதிப்பெண் வினாக்களில் பதினான்கைப் பதினேழு நிமிடத்தில் முடித்தவள், மீதி ஆறுக்கு 35 நிமிடம் செலவழித்திருந்தாள். அந்த ஆறில் நான்கு சரி. நான்கு மதிப்பெண்ணைப் பெற 35 நிமிடம் கொடுத்து, பத்து மதிப்பெண்ணைத் தொடாமல் விட்டிருக்கிறாள். கடைசியில் எங்கே நேரம் போதவில்லையோ அங்கேதான் பிழை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் பிழை அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நடந்து முடிந்திருக்கும். நேரத்தைக் குறித்து வைக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆகவே இரண்டாம் தேர்வில் பகுதி ஒன்றை இரண்டு சுற்றாகப் பிரித்தோம். முதல் சுற்றில் 22 நிமிடம். அதற்குள் வராத வினாக்களுக்கு எண்ணை மட்டும் எழுதி வரியைக் காலியாக விட்டுவிட வேண்டும். இரண்டாம் சுற்று கடைசியில், எட்டு நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதால் அப்போதும் வராததற்கு ஒரு விடையைத் தேர்ந்து, அதன் குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதிவிட வேண்டும்.

இந்த முறை அவள் 10.37-க்குப் பகுதி நான்குக்கு வந்துவிட்டாள். அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. மூன்று மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுப்பைக் காஸ் நீக்கல் முறையில் தீர்க்கும் கணக்கு ஒன்று பத்தொன்பது நிமிடத்தை விழுங்கியது. விரிவுபடுத்தப்பட்ட அணியை எழுதும்போதே ஒரு குறை எண்ணை மிகை எண்ணாக எழுதியிருக்கிறாள். இரண்டாவது நிரைச் செயலியிலேயே எண்கள் அருவருப்பான பின்னங்களாகிவிட்டன. பாடநூல் பாணிக் கணக்கில் இப்படி வந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் வினாவிலிருந்து எடுத்து எழுதியதில்தான் தவறு இருக்கும். அந்த இடத்தில் செய்ய வேண்டியது, வினாவையும் முதல் அணியையும் விரல் வைத்து ஒப்பிடுவது. அரை நிமிட வேலை. அவளோ பின்னங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே போய்விட்டாள். பகுதி நான்கு 12.01-க்கு முடிந்தது, 84 நிமிடம். மூன்றாம் பகுதி 12.37, இரண்டாம் பகுதி 1.05. விட்டுவைத்த நான்கு ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் பத்து நிமிடம் போக, சரிபார்ப்புக்கு எதுவும் இல்லை. ஆயினும் தொடாத வினா என்று ஒன்றும் இல்லை.

மூன்றாம் தேர்வுக்கு ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம்: ஐந்து மதிப்பெண் கணக்கு எதுவானாலும் பத்து நிமிடத்தில் முடியாவிட்டால் அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இது மனத்துக்குக் கடினமான விதி. இன்னும் இரண்டே வரி என்றுதான் எப்போதும் தோன்றும். ஆனால் கணிதத்தில் படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. நிறுத்திய கணக்குக்கும் செய்த படிகளுக்கான மதிப்பெண் காத்திருக்கிறது, தொடாத கணக்குக்கு ஒன்றுமில்லை. அவள் ஒரு கணக்கை அப்படி நிறுத்தினாள். பகுதி நான்கு 11.47, பகுதி மூன்று 12.22, பகுதி இரண்டு 12.48, விட்ட ஒரு மதிப்பெண் வினாக்கள் 12.56. கையில் பத்தொன்பது நிமிடம் இருந்தது. நிறுத்திய கணக்கு, புதிய கண்ணோடு பார்த்தபோது ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

படிப்பதற்குத் தரும் பத்து நிமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பெரும்பாலோர் ஒரு மதிப்பெண் வினாக்களை மனத்தில் போட்டுப் பார்ப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பகுதி ஒன்றைப் படிக்கவே வேண்டாம்; அங்கே தேர்வு செய்ய எதுவும் இல்லை. முதலில் 30-ஐயும் 40-ஐயும் பாருங்கள், அவற்றிலிருந்து தப்ப முடியாது. பிறகு ஏழு 'அல்லது' வினாக்களுக்கும் முடிவெடுங்கள். எது சுலபம் என்று கேட்டுக்கொள்வதைவிட, எதற்குக் கடைசி வரி வரை வழி தெரிகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெக்டர் முறையில் கொசைன் கூட்டல் வாய்பாட்டை நிறுவும் வினா நீளமாகத் தெரியும். ஆனால் நிறுவலை அறிந்தவருக்கு எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நீள்வட்ட வளைவுக்குக் கீழே வாகனம் போகுமா என்று கேட்கும் கணக்கு சுலபமாகத் தெரியும். அச்சை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதிலேயே மூன்று நிமிடம் போய்விடும். இந்த முடிவுகளை எழுதும் நேரத்தில் எடுத்தால், வினாவுக்கு ஒரு நிமிடம் வீதம் ஏழு நிமிடம் அங்கேயே கரைந்துவிடும்.

பழகும் முறைக்கு வருகிறேன். பெற்றோர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் உங்கள் உதவி தேவை. முழுத் தேர்வை வாரம் இருமுறை எழுதச் சொல்லாதீர்கள்; பிள்ளைகள் களைத்துப்போவார்கள், திருத்தவும் ஆள் கிடைக்காது. நாள்தோறும் ஒரு துண்டு போதும்: ஒரு நாள் இருபது ஒரு மதிப்பெண் வினாக்களை 22 நிமிட எல்லையில், இன்னொரு நாள் ஏழு ஐந்து மதிப்பெண் வினாக்களை 70 நிமிடத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுத் தேர்வு, அதுவும் காலை பத்து மணிக்கே, கைப்பேசி இல்லாமல், முள் கடிகாரத்தோடு. இடையில் தண்ணீர் தவிர வேறு எதற்கும் எழுப்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முந்தைய பொதுத்தேர்வு வினாத்தாளை எடுத்து எழுதும்போது, ஏற்கெனவே போட்டுப் பார்த்த கணக்குகள் ஏழு நிமிடத்தில் முடிந்து, நேரம் நிறைய இருப்பதாக ஒரு மயக்கம் வரும். ஆகவே ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் நிமிடத்தோடு 'பழையது', 'புதியது' என்றும் குறியுங்கள். புதிய கணக்குகளுக்கு ஆகும் நேரத்தை வைத்துத்தான் எல்லையை முடிவுசெய்ய வேண்டும். அதேபோல், பாடம் முடியாத நிலையில் கடிகாரத்தை வைத்துப் பழகுவதில் பயனில்லை. வகைக்கெழுச் சமன்பாடு படிக்காத பிள்ளை அந்தக் கணக்கில் செலவழிக்கும் இருபது நிமிடம் அறியாமையின் அளவு; நேரப் பங்கீடு அதைத் தீர்க்காது. அரையாண்டுத் தேர்வு வரை பாடம், அதன்பின் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாம் பழகியும் ஒரு நாள் தவறிப்போகலாம். மணி 1.05, ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கும் இரண்டு இரண்டு மதிப்பெண் கணக்குகளும் மீதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மதிப்பெண் கணக்குகளை முதலில் எட்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மீதி இரண்டு நிமிடத்தில் ஐந்து மதிப்பெண் கணக்கின் எண்ணை எழுதி, கொடுக்கப்பட்ட விவரம், தேவையான வாய்பாடு, அதில் மதிப்புகளைப் பிரதியிட்ட வரி, இந்த மூன்றையும் எழுதிவிட்டு விடைத்தாளைக் கொடுங்கள்.