ஒப்பந்தம் வந்துவிட்டது: ஜெர்மனியில் யாரையும் தெரியாமல் இன்டர்ன்ஷிப் பிடித்த கதை

வணக்கம் மக்களே, மாக்டெபர்கிலிருந்து மறுபடியும் நான்தான். வழக்கமாக டீயோடுதான் உட்காருவேன், இன்றைக்கு டீ கூடப் போடவில்லை, நேற்று மாலை ஒப்பந்தம் மெயிலில் வந்துவிட்டது! ஜூலை நடுவிலிருந்து மூன்று மாதம், கியர்பாக்ஸ் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. பெயரைக் கேட்காதீர்கள், சேர்ந்த பிறகு அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

டிசம்பரில், விண்ணப்பங்களைக் குறித்து வைக்கிற என் ஷீட்டைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அது 83 விண்ணப்பத்தில் போய் நின்றது. எல்லாம் பெரிய கார் கம்பெனிகள், எல்லாம் ஆன்லைன் போர்ட்டல். 61 இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒரே பட்டனை அழுத்தி விண்ணப்பிக்கிற முறை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நமக்குச் சுலபம் என்றால் மற்ற ஆயிரம் பேருக்கும் அது சுலபம்தானே.

இதற்கு நடுவில் போட்டோ விஷயம் ஒன்று, அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இங்கே சிவியில் போட்டோ கட்டாயம் இல்லை, ஆனால் வைக்கிறவர்கள் நிறைய. நானும் ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒரு படம், ஒரே ஒரு ஃபைல், 49 யூரோ! காலரில் இருக்கிற சுருக்கத்தை எடுக்கத் தனியாக 10 யூரோ. 49 யூரோ என்றால் எனக்கு இரண்டு வார மளிகை, அரிசியும் பருப்பும் தயிரும் சேர்த்து. வெளியே வந்துவிட்டேன். நூலகத்தில் வடக்குப் பக்க ஜன்னல் ஓரம் வெளிச்சம் நன்றாக இருக்கும், அங்கே நின்று அறைத் தோழன் போனில் எடுத்த படம்தான் கடைசி வரை போனது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் ஹானோவர் மெஸ்ஸே நடந்தது, 20 முதல் 24 வரை, பெரிய தொழில் கண்காட்சி. அதில் கடை போடுகிற கம்பெனிகளின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் தேடியது இரண்டே விஷயம்: கியர், மோட்டார் சம்பந்தப்பட்டவர்களா, ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வருகிற தூரத்தில் இருக்கிறார்களா. 17 கம்பெனி தேறியது. அதில் பாதிக்கு மேல் நான் கேள்விப்படாத பெயர்கள், ஏதோ கிராமத்தில் இருநூறு பேரை வைத்து ஒரே ஒரு பொருளைச் செய்கிறவர்கள். அவர்கள் இன்டர்ன் வேண்டும் என்று பெரிய போர்ட்டல்களில் போடுவதே இல்லை. சொந்த வெப்சைட்டில் ஒரு மூலையில் இருக்கும், அதுவும் ஜெர்மனில். அறிமுகம் இல்லாத நமக்கு இடம் இருப்பது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். அது கடைசி நாள், கூட்டம் வடிந்திருக்கும், விற்பனை ஆட்கள் களைத்துப்போய் இருப்பார்கள், நின்று பேச நேரம் கிடைக்கும். பிரவுன்ஷ்வைக்கில் ரயில் மாறித்தான் போனேன். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகிற மாதப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட் வேக ரயில்களில் செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது கடையில் ஒரு கியர்பாக்ஸைப் பாதியாக வெட்டி மேசைமேல் வைத்திருந்தார்கள். பல்லெல்லாம் தெரிகிறது, ஓரத்தில் எண்ணெய் பளபளக்கிறது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இன்டர்ன்ஷிப் என்றே வாயைத் திறக்கவில்லை. இதில் அதிர்வை எங்கே அளக்கிறீர்கள், பேரிங் பக்கத்திலா கவரின் மேலா என்று கேட்டேன். ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன், நவம்பரிலிருந்து என் பேராசிரியரின் ஆய்வகத்தில் ஹிவி, அதாவது மாணவர் உதவியாளர் வேலை பார்க்கிறேன் அல்லவா, சென்சார் ஒட்டி அதிர்வு அளப்பது. அந்த அனுபவம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது. அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினார். சோதனைப் பிரிவின் தலைவரே அவர்தான்! கார்டு கொடுத்தார், திங்கட்கிழமை காலை மெயில் போட்டேன்.

அதற்கு அவருடைய எச்ஆரிடமிருந்து வந்தது ஒரே வரி: இது பிஃலிஷ்ட்பிராக்டிகுமா? முதல் 83 விண்ணப்பத்தில் பாதி எங்கே செத்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. படிப்பின் விதியில் கட்டாயம் என்று இருக்கும் இன்டர்ன்ஷிப்தான் பிஃலிஷ்ட். அதற்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. நாமாகச் செய்வது ஃப்ரைவில்லிக். அது மூன்று மாதத்துக்குள் இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. மூன்று மாதத்தைத் தாண்டுவதாக ஒப்பந்தம் போட்டால் முதல் நாளிலிருந்தே மணிக்கு 13.90 யூரோ கொடுத்தாக வேண்டும், முழு நேரத்துக்கு மாதம் சுமார் 2,400. நான் எல்லா இடத்திலும் ஆறு மாதம் என்று எழுதியிருந்தேன். என் படிப்பில் இன்டர்ன்ஷிப் கட்டாயமே இல்லை! அதை ஒரு கம்பெனி பார்த்தால் என்ன நினைக்கும்?

உடனே மெயிலின் முதல் இரண்டு வரியை மாற்றினேன். ஃப்ரைவில்லிக், ஜூலை 13 முதல் மூன்று மாதம், வாரம் 40 மணி, செமஸ்டர் தொடங்கியதும் அதே வேலையை வெர்க்‌ஷ்டூடென்டாக, அதாவது படித்துக்கொண்டே பகுதி நேரமாக, வாரம் 20 மணி தொடரத் தயார். அவ்வளவுதான். பாலிடெக்னிக் காலத்திலிருந்து வாங்கிய சான்றிதழ் கதையெல்லாம் கீழே தள்ளிவிட்டேன்.

அப்புறம் விசா கணக்கு. அதை எச்ஆர் கேட்கும் முன்பே எழுதிக் கொடுத்தேன், அவர்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம். நம் மாணவர் விசாவில் ஒரு வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச் வரை இது 120 தான். மூன்று மாதம் என்றால் 13 வாரம், முழு நாளாகவே எண்ணினாலும் 65 நாள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை 11 வாரம், 20 மணி வேலை செய்கிற வாரத்தை இரண்டரை நாளாக எண்ணுகிறார்கள், 27 அரை நாள். மொத்தம் 92 அரை. பல்கலைக்கழகத்தில் பார்க்கும் ஹிவி வேலை இந்தக் கணக்கில் வராது, பிஃலிஷ்ட் வகையும் வராது. உங்கள் படிப்பு விதியில் இன்டர்ன்ஷிப் கட்டாயமா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள், கட்டாயம் என்றால் அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.

சம்பளம் மாதம் 1,100. விசாவுக்காக முன்பணம் போட்டு வைக்கிற பிளாக்டு அக்கவுண்டில் மாதம் 992தான் எடுக்கிறோம், அதைவிட அதிகம்! எனக்கு அது போதும். நேற்று அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன், கையெழுத்து எங்கே போடணும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே சிக்கல், அந்தக் கிராமத்துக்கு ஸ்டேஷனிலிருந்து காலையில் பஸ் 6:10க்கு, அடுத்தது 8:25க்கு. வேலை 7:30க்கு ஆரம்பம். ஏழு கிலோமீட்டர்தான், அதனால் இப்போது பழைய சைக்கிள் பார்க்கக் கிளம்புகிறேன், எண்பது யூரோ கேட்கிறார், அறுபதுக்குப் பேசிப் பார்க்கிறேன்.